ஆன்லைனில் வாங்கும் மருந்து அசல்தானா? பேட்ச் நம்பர், க்யூஆர் கோடு, சீல், விற்பவர் உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டையில் பேட்ச் நம்பர் தெளிவா இருக்கு, அப்போ அசல்தானே?

இல்லை. பேட்ச் நம்பரை அச்சடிக்க யாராலும் முடியும். போலி செய்பவர்கள் பெரும்பாலும் கற்பனையாக ஒரு எண்ணைப் போடுவதில்லை, கடையில் ஒரு நல்ல அட்டையை வாங்கி அதிலிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் "இந்த எண் இருக்கிறதா" என்று கேட்பதில் பயனில்லை, இந்த எண் எதோடெல்லாம் ஒத்துப்போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அட்டை, அட்டை வந்த பெட்டி, பில் மூன்றிலும் ஒரே பேட்ச் நம்பரும் ஒரே காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். பில்லில் வேறு எண் வந்திருந்தால், விற்றவரின் கணக்குப்படி உங்கள் கையில் இருக்கும் சரக்கு அவர் கடையிலிருந்தே போகவில்லை என்று ஆகிறது. சில நேரம் கம்ப்யூட்டரில் பழைய எண்ணைப் போட்டுவிடும் கவனக்குறைவாகவும் இருக்கலாம், ஆனால் அதை விற்றவர்தான் விளக்க வேண்டும், நீங்களாக ஊகித்து விட்டுவிடக் கூடாது.

பலர் பார்க்காத இன்னொன்று, தயாரித்த தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. ஒரு மருந்துக்கு ஒரு நிறுவனம் 24 மாதம் என்றோ 36 மாதம் என்றோ ஆயுள் வைத்திருந்தால் அது பொதுவாக அட்டைக்கு அட்டை மாறாது. வீட்டில் பழைய காலி அட்டை ஒன்று இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலைதான். எங்கள் வீட்டில் தப்பு பிடிபட்டதும் இப்படித்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா எல்லா விவரமும் வருது. இனிமேல் என்ன சந்தேகம்?

முதலில் அந்தக் கோடு எதற்காக வந்தது என்று பார்ப்போம். மத்திய அரசு 2022 நவம்பரில் மருந்து விதிகளைத் திருத்தி, அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் லேபிளில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்றது. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் சரக்குக்கு இது பொருந்தும். ஸ்கேன் செய்தால் மருந்தின் பொதுப் பெயர், பிராண்டு பெயர், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பு உரிம எண், அப்புறம் பொருளுக்கான தனி அடையாள எண் ஒன்று, இவ்வளவும் வர வேண்டும். டோலோ, கால்பால், அலெக்ரா, ஷெல்கால் மாதிரி எல்லார் வீட்டிலும் இருக்கும் பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனால் அந்தத் தனி அடையாள எண் பொருளுக்கானது, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு அட்டைக்கானது அல்ல. ஒரே பேட்ச்சில் வந்த ஆயிரக்கணக்கான அட்டைகளிலும் ஒரே கோடு இருக்கலாம். அதைப் படம் எடுத்துப் போலி அட்டையில் அச்சடித்தால் அதுவும் அழகாக ஸ்கேன் ஆகும். ஐரோப்பாவில் இது வேறு மாதிரி நடக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து அங்கே டாக்டர் சீட்டில் தரும் மருந்துகள் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி எண், மருந்துக்கடையில் கொடுக்கும்போது ஸ்கேன் செய்து அந்த எண்ணைச் செலவானதாகக் குறித்துவிடுவார்கள். 2023-ல் சர்க்கரை நோய்க்கான ஓசெம்பிக் ஊசியின் போலிப் பேனாக்கள் அங்கே மொத்த வியாபாரிகள் வரை வந்துவிட்டன, ஆனால் ஸ்கேன் செய்தபோது அந்த எண்கள் செல்லாதவை என்று காட்டி மாட்டிக்கொண்டன. நம் ஊரில் மாத்திரை அட்டைக்கு அப்படி ஒரு பொதுக் கணக்கேடு இல்லை.

அதற்காக ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்யுங்கள், ஆனால் எதைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். திரையில் வரும் பேட்ச்சும் தேதியும் அட்டையில் அச்சடித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள், தேதியை மட்டும் மாற்றிய சரக்கு இதில் மாட்டும். ஏதாவது இணையதளத்துக்குக் கூட்டிப் போனால் முகவரியைப் படியுங்கள், அது நிறுவனத்தின் சொந்தத் தளமா அல்லது பெயரை லேசாக மாற்றி வைத்த வேறு எதாவதா என்று. "அசல் தயாரிப்பு" என்று பச்சை டிக் போட்டுக் காட்டும் பக்கத்தை யாரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். கோடே இல்லை என்றால்? அந்த 300-ல் இல்லாத பிராண்டாக இருக்கலாம். பட்டியலில் உள்ள பிராண்டு, 2023 ஆகஸ்டுக்குப் பின் தயாரானது, அட்டையிலும் பெட்டியிலும் கோடு இல்லை என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். அட்டையில் இடமில்லாவிட்டால் வெளிப்பெட்டியில் போடலாம் என்று விதியே சொல்கிறது, அதனால் பெட்டியையும் கேட்டுப் பாருங்கள்.

சீல் உடையாம இருந்தா போதும்னு சொல்றாங்களே?

சீல் எதைக் காக்கிறதோ அதற்கு மட்டும்தான் சாட்சி. சிரப் பாட்டிலின் மூடியைத் திருகும்போது கீழ் வளையம் பிரிய வேண்டும், ஏற்கெனவே பிரிந்து தொங்கினாலோ, மூடியும் வளையமும் சேர்ந்தே சுற்றினாலோ வாங்காதீர்கள். ஊசி மருந்துக் குப்பியில் ரப்பருக்கு மேல் அலுமினியப் பட்டையும் அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடியும் இருக்கும். பட்டையின் விளிம்பு கண்ணாடிக் கழுத்தை ஒட்டிச் சீராக மடிந்திருக்க வேண்டும், ரப்பரில் ஊசி குத்திய துளை இருக்கக் கூடாது. ஹாலோகிராம் ஸ்டிக்கரைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள், அது மொத்தமாகக் கிடைக்கிற பொருள்.

2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பலை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மருத்துவமனைகளில் பயன்படுத்திய புற்றுநோய் மருந்தின் காலிக் குப்பிகளை விலைக்கு வாங்கி, பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மலிவான மருந்தை நிரப்பி, லட்சக்கணக்கில் விற்றார்கள். அந்தக் குப்பி அசல், லேபிள் அசல், பேட்ச் நம்பர் அசல். உள்ளே இருந்தது மட்டும் பொய். இந்த மாதிரி மருந்துகளில் லேபிளைச் சரிபார்த்து எதுவும் ஆகப் போவதில்லை, யாரிடமிருந்து வந்தது என்பதுதான் எல்லாம். புற்றுநோய் மருந்தை நேரடியாக மருத்துவமனை மருந்தகத்திலோ, நிறுவனமே கைகாட்டும் விநியோகஸ்தரிடமோ மட்டும் வாங்குங்கள். "பாதி விலைக்குத் தெரிஞ்சவர் தருவார்" என்று வார்டு வாசலில் யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெரிய ஆப்ல வாங்கினேன், அவங்களே பொறுப்புதானே? விற்பவர் யார்னு எதுக்குப் பார்க்கணும்?

ஏனென்றால் பல நேரம் ஆப் விற்பதில்லை, இடம் மட்டும் கொடுக்கிறது. பொருள் பக்கத்தில் "Sold by" என்று சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், அவர்தான் கடைக்காரர். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண் இவற்றை ஆப் காட்டியே ஆக வேண்டும், அதனால் பணம் கட்டும் முன் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

மருந்து விற்க ஜிஎஸ்டி பதிவு போதாது, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுக்கும் விற்பனை உரிமம் வேண்டும். சில்லறைக் கடைக்குப் படிவம் 20, 21 என்று இரண்டு. 21 என்பது இன்சுலின், தடுப்பூசி போன்ற உயிரியல் வகை மருந்துகளுக்கு, 20 மற்றவற்றுக்கு. மொத்த வியாபாரிக்கு 20பி, 21பி. பில்லின் மேல்பகுதியில் உரிம எண் இருக்கும், அதில் 20பி மட்டும் இருந்தால் அவர் கடைகளுக்கு விற்க வேண்டியவர், உங்களுக்குச் சில்லறையாக விற்கும் உரிமம் அவரிடம் இல்லை. உரிம எண்ணே இல்லாத பில், பேட்ச் நம்பர் இல்லாத பில், வெறும் கூரியர் சீட்டு, இந்த மூன்றில் எது வந்தாலும் மருந்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜிஎஸ்டி எண்ணால் ஒரு உபயோகம் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07. services.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்தவரின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் வரும். ஆப்பில் "சென்னை மெடிக்கல்ஸ்" என்று இருந்து ஜிஎஸ்டி வேறு மாநிலத்து மொபைல் உதிரிபாகக் கடையைக் காட்டினால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

டாக்டர் சீட்டைக் கேட்காமல் அனுப்புகிறார்களா என்பதும் முக்கியம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சீட்டுக்குத்தான் தர வேண்டியவை. சீட்டு கேட்காத கடைக்கு மற்ற விதிகள் மீதும் மரியாதை இருக்காது என்பது என் அனுபவம்.

40 சதவீதம் தள்ளுபடின்னா போலியா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடைக்காரரின் லாபம் 16 சதவீதம், மற்ற பிராண்டு மருந்துகளுக்கு வழக்கமாக 20. மொத்த வியாபாரிக்கு அதுபோக எட்டோ பத்தோ. ஆக டாக்டர் எழுதிக் கொடுக்கும் பெரிய பிராண்டு ஒன்றை யாரோ ஒரு சின்ன விற்பனையாளர் 40 சதவீதம் குறைத்து விற்கிறார் என்றால் அவர் கைநஷ்டத்தில் விற்கிறார், அல்லது சரக்கு வேறு வழியில் வந்திருக்கிறது. பெரிய ஆப் சொந்தப் பணத்தைப் போட்டு முதல் ஆர்டருக்குக் கூப்பன் தருவது வேறு விஷயம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டாக்டர்களிடம் விளம்பரமே செய்யாத ஜெனரிக் மருந்துகளில் அச்சிட்ட விலைக்கும் வாங்கும் விலைக்கும் மலையளவு வித்தியாசம் உண்டு, அங்கே 70 சதவீதத் தள்ளுபடிகூட நேர்மையானதாக இருக்கலாம். மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைப்பதைப் போலி என்று நினைத்துக்கொண்டு விலை அதிகமானதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தப்பு.

உங்க வீட்டுல என்ன நடந்தது?

2025 பிப்ரவரியில் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை எங்கள் தெருக் கடையில் இல்லை என்று ஒரு ஆப்பில் மூன்று அட்டை போட்டேன். விற்பவர் வெளிமாநிலம், விலை நல்ல குறைவு, சீட்டு கேட்கவில்லை. அப்போது எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. வந்த அட்டையில் தயாரித்தது 07/2024, காலாவதி 06/2026 என்று இருந்தது, பார்க்க எந்தக் குறையும் இல்லை. பழைய அட்டையைக் குப்பையில் போடப் போன அம்மாதான் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு "இது மூணு வருஷம் போட்டிருக்கு, புதுசுல ரெண்டு வருஷம்தானே இருக்கு" என்றார். பழையதில் 03/2024, 02/2027.

அப்புறம்தான் பில்லை எடுத்தேன். பேட்ச் நம்பர் வேறு. மொபைல் டார்ச்சை அட்டையின் மேல் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், தேதிக்குக் கீழே அழித்த எழுத்தின் தடம் மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பிராண்டு 300 பட்டியலில் இல்லாததால் ஸ்கேன் செய்யவும் எதுவும் இல்லை. அட்டையின் இருபக்கமும், பெட்டி, பில், எல்லாவற்றையும் படமெடுத்து, அட்டையில் அச்சிட்டிருந்த நுகர்வோர் சேவை மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: இந்தப் பேட்ச் உங்களுடையதா, அதன் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் என்ன? ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பேட்ச் எங்களுடையதுதான், தயாரித்தது 06/2021, காலாவதி 05/2024 என்று. அதாவது மாத்திரை அசலாகவே இருந்திருக்கலாம், ஆனால் காலாவதியான சரக்கைத் தேதி அழித்து விற்றிருக்கிறார்கள். அப்பா அதில் நான்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க காலையிலும் மாலையிலும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"இந்தப் பேட்ச் உண்மையா" என்று மட்டும் நான் கேட்டிருந்தால் "ஆம்" என்று பதில் வந்து விஷயம் முடிந்திருக்கும். தேதியையும் கேட்டதால்தான் பிடிபட்டது. நீங்களும் கேட்கும்போது நீங்கள் பார்த்த தேதியைச் சொல்லாமல், அவர்கள் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள்.

தயாரிப்பு முகவரி போன தடவை கோவா, இந்த தடவை ஹிமாச்சல். மாத்தி மாத்தி வருதே?

இதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரே நிறுவனத்துக்குப் பல தொழிற்சாலைகள் உண்டு, வேறொருவரிடம் கொடுத்துத் தயாரித்து வாங்கி விற்பதும் சட்டப்படியான வழக்கம், அப்போது தயாரித்தவர் ஒருவர், சந்தைப்படுத்துபவர் இன்னொருவர் என்று இரண்டு பெயர் இருக்கும். முகவரி மாறும்போது தயாரிப்பு உரிம எண்ணும் சேர்ந்து மாற வேண்டும். முகவரி மாறி, உரிம எண் மட்டும் பழையதாகவே இருந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள்.

அரசு வெளியிட்ட பட்டியல்ல என் மாத்திரை பேர் இருக்கு. நிறுத்திடட்டுமா?

நிறுத்த வேண்டாம், முதலில் பேட்ச் நம்பரைப் பாருங்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு cdsco.gov.in தளத்தில் மாதாமாதம் பட்டியல் போடுகிறது. அதில் "தரமற்றது" வேறு, "போலி" வேறு. தரமற்றது என்றால் அந்த நிறுவனமே தயாரித்த குறிப்பிட்ட பேட்ச் ஏதோ ஒரு சோதனையில் தவறியது, மாத்திரை சரியாகக் கரையாதது மாதிரி. போலி என்றால் அந்தப் பெயரில் வேறு யாரோ செய்தது. இரண்டிலுமே சுட்டப்படுவது பேட்ச், மொத்த பிராண்டும் அல்ல. 2024 செப்டம்பரில் ஷெல்கால், பான்-டி பெயர்கள் செய்தியில் வந்தபோது எத்தனையோ பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள், ஆனால் அந்தப் பேட்ச் தாங்கள் தயாரித்ததே அல்ல என்று நிறுவனங்கள் சொல்லியிருந்தன.

உங்கள் பேட்ச்சேதான் என்றாலும், சந்தேகம் வலுவாக இருந்தாலும், ரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு, இதய மருந்துகளை ஒரு வேளைகூட விடாதீர்கள். அன்றே வேறு நம்பகமான கடையில் அதே மருந்தை வாங்கித் தொடருங்கள், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் வந்தா யார்கிட்ட போறது?

உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம். தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மண்டல அலுவலகங்கள் உண்டு, எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆப்பில் "ரிட்டர்ன்" கொடுக்க அவசரப்படாதீர்கள், பணம் திரும்ப வரும், சாட்சியம் போய்விடும். பிரிக்காத அட்டை ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும், பெட்டியும் கூரியர் உறையும் சேர்த்து வையுங்கள், விற்பவர் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அது ஓரிரு நாளில் மறைந்துவிடும். நான் கொடுத்த இரண்டு அட்டைகளையும் ரசீது போட்டு ஆய்வாளர் வாங்கிக்கொண்டார்.

1940-ஆம் வருட மருந்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் நமக்கு ஒரு உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பரிசோதகரிடம் கொடுத்துச் சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். ஆனால் விற்றவர் மீது வழக்கு நடத்த, ஆய்வாளர் முறைப்படி கடையில் எடுக்கும் மாதிரிதான் வலுவானது, அதனால் உங்கள் அறிக்கையோடு நிறுத்தாமல் அவரிடமும் போங்கள். பணம் திரும்பப் பெறுவதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. மருந்து சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆனால் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் 1800-180-3024-ல் பேட்ச் நம்பரோடு சொல்லுங்கள்.

தீர்ந்துபோன குப்பி, பெட்டி எல்லாம் என்ன பண்றது?

முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியைக் கிழியுங்கள், லேபிளில் பேட்ச் நம்பர் இருக்கும் இடத்தை மார்க்கரால் அழியுங்கள் அல்லது சுரண்டுங்கள். விலை உயர்ந்த ஊசி மருந்து என்றால், மருத்துவமனையில் நர்ஸிடம் "குப்பியை எங்கள் கண் முன்னாலேயே லேபிளைக் கிழித்துப் போடுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மாத்திரை அட்டைகளில் மட்டும் கடைசியாகத் தீர்ந்த ஒன்றை, தேதி இருக்கும் ஓரத்தோடு, அடுத்தது வரும் வரை எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இப்போது அதை மருந்து டப்பாவின் மூடிக்குள் செருகி வைக்கிறார்.